மழையில் ஒரு நேர்த்திக்காசு: வெள்ளவத்தையிலிருந்து உடப்புக்கு

வியாழன் இரவு, வெள்ளவத்தை

நாளை விடிய உடப்புக்குப் போகிறேன். வேலை ஒன்றுதான். எட்டு நிமிடக் குறும்படத்துக்கு எழுதி வைத்திருக்கிற திரைக்கதையை, அதில் வருகிற பையன் நடக்கிற மாதிரியே நடந்து பார்க்க வேண்டும். படம் எடுக்கப் போகிறவன் என் சிநேகிதன், அவனுடைய தாய்வழி ஊர் உடப்பு, அவனுடைய மாமா வீட்டில்தான் தங்கப் போகிறேன்.

கதை சின்னது. தங்கச்சிக்கு டெங்கு. அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன இரவில் பத்து வயதுப் பையன் யாருக்கும் சொல்லாமல் பிள்ளையாருக்கு நேர்த்தி வைக்கிறான்: அவள் சுகமாகி வீட்டுக்கு வந்தால், வருகிற முதல் வெள்ளிக்கிழமை நடந்தே வந்து காசு போடுவேன். அவள் வந்துவிடுகிறாள். வெள்ளிக்கிழமையும் வருகிறது. பள்ளிக்கூடம் விட்ட கையோடு மழை பிடிக்கிறது. அவன் போகிறான்.

இதில் எழுதுகிறவனுக்கு உள்ள சிக்கல் மழை இல்லை, நேர்த்திதான். அது மனசுக்குள் நடக்கிற விஷயம், கமரா மனசுக்குள் போகாது. சாமிப் படத்துக்கு முன்னால் நின்று பையனை வாய்விட்டுச் சொல்ல வைக்கலாம் என்று சிநேகிதன் சொன்னான். எனக்கு அது பிடிக்கவில்லை, ஏனென்றால் அப்படிச் சொல்கிற பிள்ளை பிள்ளையாருக்குச் சொல்லவில்லை, நமக்குச் சொல்கிறது. அதோடு இந்தக் கதையின் முழுப் பலமும், அவன் போகாமல் விட்டால் கேட்க ஒரு ஆள் கிடையாது என்பதில்தான் இருக்கிறது. வாய்விட்டுச் சொன்னால் அது போய்விடும்.

ஆனால் எங்கள் வீடுகளில் இதற்கு ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது. யாருக்காவது கடும் சுகமில்லை என்றால் அம்மம்மா ஒரு துண்டு வெள்ளைத் துணியை மஞ்சள் தண்ணியில் நனைத்துக் காயவைத்து, அதற்குள் ஒரு காசை வைத்து முடிந்து சாமிப் படத்தடியில் வைப்பார். நேர்த்தி முடிகிற நாளில் அந்தக் காசு உண்டியலுக்குப் போகும். ஆக நேர்த்திக்கு உருவம் இருக்கிறது, நிறம் இருக்கிறது, கைக்குள் அடங்குகிற அளவும் இருக்கிறது. பையன் அடுப்படியில் மஞ்சள் டப்பாவைத் திறப்பதைக் காட்டினால் போதும், தமிழ் வீட்டில் வளர்ந்த எவருக்கும் ஒரு வசனம் தேவைப்படாது.

முதலில் அவன் கையில் கற்பூரம் கொடுப்பதாகத்தான் யோசனை இருந்தது. ஆனால் கற்பூரத்தை மழை ஒன்றும் செய்யாது. தண்ணியில் அது கரைவது மிகக் கொஞ்சம், மிதந்தபடியே எரியவும் செய்யும். மழையில் நடக்கிற கதையில் மழை கெடுக்க முடியாத பொருளைக் கையில் கொடுத்தால் அந்த மழை வெறும் அலங்காரமாகிவிடுகிறது. மஞ்சள் துணி அப்படியில்லை.

இன்று பின்னேரம் குசினியில் செய்து பார்த்தேன். பழைய வேட்டியில் ஒரு சாண் துணி, அரைக் கோப்பைச் சுடுதண்ணியில் ஒரு மேசைக்கரண்டி மஞ்சள்தூள். நனைத்துப் பிழிந்து, அலசாமல் அப்படியே காயவிட வேண்டும். அலசிக் காயவைத்த துணி பிறகு நனையும்போது அவ்வளவாகச் சாயம் விடவில்லை. அலசாத துணியிலோ தூள் நூலுக்குள்ளேயே இருக்கிறது, ஈரம் பட்டதும் இறங்கத் தொடங்குகிறது. அஞ்சு ரூபாய்க் குத்தி ஒன்றை வைத்து முடிந்து, வெள்ளைச் சட்டைப் பைக்குள் போட்டு, மேலே கோப்பையால் தண்ணி ஊற்றினேன். முதலில் ஒன்றுமில்லை. கொஞ்ச நேரத்தில் பையின் அடித் தையலில் மஞ்சளாக ஒரு கோடு, பிறகு கோடு தடித்து, தையலைத் தாண்டிக் கீழே வழிந்தது. இலங்கையில் பள்ளிக்கூடச் சட்டை வெள்ளை. பையன் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே கோயிலுக்குப் போகிறான் என்று எழுதியது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று.

வெள்ளி இரவு, உடப்பு

காலையில் புறக்கோட்டையில் புத்தளம் பஸ் பிடித்தேன். நீர்கொழும்பு வரை ஊர்ந்த பஸ் அதற்குப் பிறகுதான் ஓடத் தொடங்கியது. மாதம்பை, சிலாபம், தெதுறு ஓயாப் பாலம், இரண்டு பக்கமும் தென்னை. வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது, மழைக்கான அறிகுறியே இல்லை. பத்துளு ஓயாவில் இறங்கி, அங்கிருந்து முச்சக்கர வண்டியில் கடற்கரைப் பக்கம் திரும்பினால் உடப்பு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவில் ஒடுங்கலான மணல் நிலம். கரைவலைக்காரர்களின் ஊர். திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்புக்குப் பெயர்போன இடம், ஆடியில் வந்தால் சனக்கூட்டத்தில் நிற்க இடமிருக்காது. நான் தேடிப் போனது அந்தப் பெரிய கோயிலை இல்லை. ஊருக்கு வெளியே, களப்பை ஒட்டிய மண் வீதியின் முடிவில், ஆலமரத்தடியில் ஒரு சின்னப் பிள்ளையார். நாலு சுவர், தகரக் கூரை, இரும்புக் கம்பிக் கதவு.

பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கே நடக்கத் தொடங்கினேன். ஒன்றரை மணி. நல்ல வெயில். இந்த ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஒரு குணம் உண்டு: காலை முழுக்க வெளிச்சமாக இருக்கும், மத்தியானம் திரும்பினதும் முகில் கட்டும், பின்னேரம் கொட்டும். கதைக்கு இது கொடை. காலையில் வீட்டிலிருந்து குடை இல்லாமல் கிளம்பின பிள்ளையைப் பார்த்து யாரும் குறை சொல்ல முடியாது.

பாதி வழியில் மழை பிடித்தது. மண் வீதி கிட்டத்தட்ட மூன்று கிலோமீற்றர், காய்ந்த நிலத்தில் பத்து வயதுப் பிள்ளை முக்கால் மணி நேரத்தில் போய்விடும். மழை விழுந்த பிறகு அந்தக் கணக்கு சரிவராது. மணல் பகுதியில் நடை பரவாயில்லை, களப்புப் பக்கம் சேறு வருகிற இடத்தில் செருப்பு ஒவ்வொரு அடிக்கும் பின்னால் நின்றுவிடுகிறது. பையன் அந்த இடத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வான் என்று அங்கேயே நின்று போனில் எழுதிக்கொண்டேன். ஒரு கையில் செருப்பு வந்துவிட்டால் மற்றக் கை தானாகவே சட்டைப் பையைப் பொத்தும். இதை மேசையில் இருந்து யோசித்திருக்க மாட்டேன்.

கோயில் பூட்டியிருந்தது. எதிர்பார்த்ததுதான், மத்தியானப் பூசை முடிந்து பூசாரி போய்விட்டால் பொழுது சாய்ந்துதான் திறப்பார். ஆனால் நான் எழுதியிருந்த முடிவில் பையன் கம்பிக்குள் கைவிட்டு உண்டியலில் காசைப் போடுகிறான். இங்கே உண்டியல் உள்ளே, சுவரோரமாக. நான் கையை முழுக்க நீட்டியும் எட்டவில்லை, பிள்ளைக்கு எங்கே எட்டும்? எறிந்து பார்ப்பதா? நேர்த்திக்காசை எறிய எந்தப் பிள்ளைக்கும் மனம் வராது.

வீதி திரும்புகிற இடத்தில் கிடுகுக் கூரை போட்ட ஒரு பெட்டிக்கடை. நனைந்தபடி போய் ஒதுங்கினேன். கடையில் இருந்த ஆச்சி பிளேன்டீ ஊற்றித் தந்துவிட்டு, இந்த மழைக்குள் பிள்ளையாரிடம் என்ன அவசரம் என்று கேட்டார். கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார்.

"உள்ள போடாட்டி என்ன தம்பி? கோயில் பூட்டியிருந்தா முடிச்சோட கம்பியில கட்டிட்டுப் போறதுதானே. பூசாரி வந்து அவுத்துப் போடுவார்."

"யார் கட்டினது என்று அவருக்குத் தெரியுமா ஆச்சி?"

"அவருக்கு ஏன் தெரியணும்?"

இந்தப் பதிலுக்காகவே மூன்று மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் வந்திருக்கலாம். அதைப் படத்தில் வசனமாக வைக்கவும் ஆசையாக இருந்தது, ஆனால் வைக்க மாட்டேன். பையன் யாரோடும் கதைக்காமல் அதைத் தானே செய்துவிட்டுத் திரும்பினால் போதும்.

சனி, உடப்பு

இன்று முழுக்க மழையைப் பார்ப்பதுதான் வேலை. திரைக்கதையில் "மழை பெய்கிறது" என்று எழுதுவது ஒரு நொடி வேலை, ஆனால் படத்தில் அது தெரிய வேண்டுமே. ஆச்சியின் கடையில் இருந்தபடி களப்புப் பக்கம் பார்த்தேன்: பின்னால் வெள்ளை வானம், வெள்ளைத் தண்ணி. கொட்டுகிற மழை, ஆனால் ஒரு துளிகூடக் கண்ணில் படவில்லை. போனில் எடுத்ததிலும் மழை இல்லாத நாள் போலவே இருக்கிறது. அதே இடத்தில் திரும்பித் தென்னந்தோப்பைப் பார்த்தால் கருமையான நிழலுக்கு முன்னால் ஒவ்வொரு கம்பியாக மழை. பின்னணி இருட்டாக இருக்க வேண்டும், வெளிச்சம் மழைக்குப் பின்னாலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வர வேண்டும், இந்த இரண்டும் இல்லாவிட்டால் எவ்வளவு பெய்தாலும் கமராவுக்கு அது மழை இல்லை.

அதனால் கதையில் இடத்தை மாற்றினேன். களப்புக் கரையில் அவன் நடக்கிற நீளமான காட்சி தோப்பு ஓரத்துக்கு வந்துவிட்டது. களப்பு ஒரே ஒரு தடவை வரும், அங்கே துளிகளைத் தேடாமல் தண்ணியின் மேல் மழை எழுப்புகிற கொப்புளங்களை மட்டும் கிட்டத்தில் எடுக்கலாம்.

அடுத்தது சத்தம். கோயிலின் தகரக் கூரைக்குக் கீழே நின்று ஒரு வரி பேசிப் பதிவு செய்தேன். கேட்டால் என் குரலே இல்லை, தகரம்தான் கேட்கிறது. கிடுகுக் கூரைக்குக் கீழே அதே மழையில் அதே வரி தெளிவாகக் கேட்டது. கிடுகு சத்தத்தைக் குடித்துவிடுகிறது. படத்தில் வசனம் என்று இருப்பது ஒரு இடத்தில்தான், கடைக்காரப் பெண் "தம்பி, உள்ள வா, நனையாத" என்று கூப்பிடுகிறார், அவன் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகிறான். அந்தக் கடைக்குக் கிடுகுக் கூரை என்று திரைக்கதையிலேயே எழுதிவிட்டேன். கோயிலில் யாரும் பேசக் கூடாது, அங்கே தகரச் சத்தம் மட்டும். மழைச் சத்தத்தைப் படப்பிடிப்பின்போது நம்பாமல் தனியாகவும் பதிய வேண்டும், தோப்பில் ஒன்று, தகரத்தடியில் ஒன்று, ஒவ்வொன்றும் இடையில் வெட்டில்லாமல் இரண்டு நிமிடமாவது.

பின்னேரம் இடி. இடியும் மின்னலும் கதைக்கு வேண்டும் என்று சிநேகிதன் போனில் சொன்னான், எடுப்பாக இருக்குமாம். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வெட்டவெளியில் பிள்ளை தனியாக நடக்கும்போது மின்னல் வெட்டினால் பார்க்கிற தாய்மாருக்கு நேர்த்தி மறந்துபோகும், அந்தப் பிள்ளையின் உயிர்தான் நினைவில் நிற்கும், அவனை அனுப்பின கதைமேல் கோபம் வரும். அது வேறு கதை. இங்கே அவனுக்கு முன்னால் இருப்பது ஆபத்து இல்லை, சிரமம். நாளைக்குப் போகலாமே என்று எவரும் சொல்லக்கூடிய சிரமம்.

அப்புறம் நீளம். ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள், வசனம் உள்ள கதைக்கு அது ஓரளவு சரி. இந்த மாதிரிக் கதைக்கு அது உதவாது. "அவன் நடக்கிறான்" என்பது இரண்டு சொல், ஆனால் திரையில் அது அரை நிமிடமும் போகலாம். அதனால் ஒவ்வொரு வரியையும் கடிகாரம் பார்த்தபடி செய்து பார்த்துத்தான் நேரம் போட்டேன். மூன்று கிலோமீற்றர் நடையைத் திரையில் மூன்று நிமிடத்தில் சொல்ல வேண்டும். தூரத்தை எப்படிக் காட்டுவது? சட்டையால்தான். முதல் வெட்டில் தோளில் மட்டும் ஈரம், இரண்டாவதில் முதுகில் ஒட்டத் தொடங்குகிறது, மூன்றாவதில் முழுக்க நனைந்து பையில் மஞ்சள். சட்டைதான் அவனுடைய மைல்கல்.

இன்று இரவு எழுதி முடித்த பகுதி இப்படி இருக்கிறது:

காட்சி 5. வெளி. தென்னந்தோப்பு ஓரம். பிற்பகல்.
இருண்ட தோப்புக்கு முன்னால் மழை. பையன் இடமிருந்து வலமாக வருகிறான். வலது கையில் செருப்பு. இடது கை சட்டைப் பையை அழுத்தியிருக்கிறது. சேற்றில் கால் வழுக்குகிறது. விழாமல் இருக்க இடது கையை எடுக்கிறான். பையின் அடியில் மஞ்சள் கோடு. குனிந்து பார்க்கிறான். உள்ளங்கையைப் பார்க்கிறான், அதிலும் மஞ்சள். கையைச் சட்டையில் துடைக்கப் போய், துடைக்காமல், மறுபடி பையைப் பொத்துகிறான்.

காட்சி 6. வெளி. கோயில். பிற்பகல்.
தகரத்தில் மழை. கம்பிக் கதவில் பூட்டு. பையன் கம்பிக்குள் கையை விடுகிறான். உண்டியலுக்கும் விரல்களுக்கும் இடையில் ஒரு முழம். கையை எடுக்கிறான். பையிலிருந்து முடிச்சை எடுக்கிறான். நனைந்த துணியின் நுனி விரலுக்குள் நிற்க மறுக்கிறது. பல்லால் கடித்து இழுத்துக் கம்பியில் கட்டுகிறான். இழுத்துப் பார்க்கிறான். இன்னொரு முடிச்சும் போடுகிறான்.

அந்த இரண்டாவது முடிச்சு எனக்கு முக்கியம். பத்து வயதுப் பிள்ளை ஒரு வேலையை எவ்வளவு பொறுப்பாகச் செய்கிறது என்பதை அழ வைத்துக் காட்டத் தேவையில்லை, ஒரு முடிச்சுக் கூடப் போட வைத்தால் போதும்.

ஞாயிறு இரவு, வெள்ளவத்தை

மத்தியானம் வந்து சேர்ந்தேன். வந்ததும், வியாழக்கிழமை குசினியில் மஞ்சள் பட்ட சட்டையைத் தோய்க்கப் போட்டேன். காட்சி 7 கிடைத்தது அங்கேதான்.

அதுவரை எனக்கு முடிவு சரியாக வரவில்லை. பையன் வீட்டுக்கு நனைந்து வருகிறான், அம்மா ஏசுகிறார், தலையைத் துடைத்துவிடுகிறார், தங்கச்சி சிரிக்கிறாள். இது எல்லாப் படத்திலும் வருகிறது. யாருக்கும் தெரியாமல் முடிந்தால் கதை பாதியில் நின்ற மாதிரி, அவன் சொல்லித் தெரிந்தால் கதை கெட்டுப்போகிறது. அவன் சொல்லாமல் அம்மாவுக்குத் தெரிய வேண்டும்.

மஞ்சள் கறையில் உடுப்புச் சவுக்காரத்தைப் போட்டுத் தேய்த்தால் அது சிவக்கும். சுண்ணாம்பு சேர்ந்தால் மஞ்சள் குங்குமமாகிற அதே வேலைதான், சவுக்காரத்தில் உள்ள காரம் மஞ்சளைச் செங்காவியாக்கிவிடுகிறது. நல்ல தண்ணியில் அலசினால் மறுபடி மஞ்சளுக்குத் திரும்பும். வீட்டில் உடுப்புத் தோய்க்கிற எந்தப் பெண்ணுக்கும் இது தெரியும், கறியா மஞ்சளா சேறா என்று கறையைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

காட்சி 7. வெளி. கிணற்றடி. மறுநாள் காலை. வெயில்.
அம்மா தோய்கல்லில் பள்ளிக்கூடச் சட்டையை விரிக்கிறார். கீழ் விளிம்பில் உள்ள சேற்றைத் தேய்க்கிறார். பைக்குக் கீழே மங்கலான கறை. சவுக்காரத்தைப் போட்டுத் தேய்க்கிறார். நுரைக்குள் சிவப்பு. கை நிற்கிறது. பைக்குள் விரலை விடுகிறார். ஒன்றுமில்லை. விரல் நுனியில் மஞ்சள். வீட்டுக்குள் தங்கச்சியின் சத்தம், அண்ணனோடு ஏதோ சண்டை. அம்மா தண்ணி அள்ளி ஊற்றி அலசுகிறார். தேய்க்கவில்லை.

சிநேகிதனுக்கு அனுப்பினேன். அம்மா அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டால் நல்லது என்கிறான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், இதில் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. மற்ற எதையும் அவன் மாற்றட்டும்.

இனி அவன் பாடு. சட்டை மூன்று வாங்க வேண்டும், ஒரே அளவு, ஒரே துணி, காய்ந்தது, பாதி நனைந்தது, முழுக்க நனைந்தது என்று ஒவ்வொன்றும் ஒரு நிலைக்கு. எடுப்பதும் அதே ஒழுங்கில்தான், பையனின் தலைமயிர் நனைந்தபிறகு காய்ந்த காட்சிக்குத் திரும்புவது பெரிய வேலை. தூரத்துக் காட்சிகளை உண்மையான மழையில் எடுக்கலாம், கிட்டத்துக் காட்சிகளுக்குத் தோட்டக் குழாய் போதும், ஆனால் முகில் மூடின நேரத்தில்தான் குழாயைத் திறக்க வேண்டும், பின்னால் ஒரு தென்னோலையில் வெயில் பட்டாலும் பொய் தெரிந்துவிடும். பிள்ளையை ஈரத்தோடு கனநேரம் நிற்க விடக் கூடாது, ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவில் துவாயும் சூடான மைலோவும் தயாராக இருக்க வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

மஞ்சள் துணி மட்டும் நான் செய்து கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை நனைந்த துணி அடுத்த தடவை அதே அளவு சாயம் விடாது, ஆகவே ஒவ்வொரு எடுப்புக்கும் புதுத் துணி வேண்டும். நாளைக்கு வேட்டி கிழிக்கிற வேலை இருக்கிறது.